ஆர்டர் வந்ததா என்று கேட்பதா, வந்ததும் சொல்லச் சொல்வதா?

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். கடைவீதி வியாபாரத்தோடு இணையத்திலும் விற்கிறார்கள். வேர்ட்பிரஸ் தளத்தின்மேல் வூகாமர்ஸ் போட்டு நடத்துகிறார்கள். நம் ஊரில் சிறு கடைகள் பலவும் இப்படித்தான் இணையத்துக்கு வந்தன. பண்டிகை நெருங்கும்போது நாளுக்கு 120 ஆர்டர் வரும். முதலாளிக்குக் காலை 8 மணிக்குள் ஒரு ரிப்போர்ட் வேண்டும்: நேற்று எத்தனை ஆர்டர், எவ்வளவு பணம், எது ரத்தானது, யாருக்குப் பணம் திருப்பிக் கொடுத்தோம். கணக்குப் பார்ப்பவர் அதை வைத்துத்தான் வங்கிக் கணக்கைச் சரிபார்க்கிறார்.

ரிப்போர்ட் தயாரிக்கும் புரோகிராம் கடையின் தளத்துக்கு வெளியே, தனியாக ஓடுகிறது. அப்படியென்றால் ஆர்டர் வந்த சேதி அதற்கு எப்படித் தெரியும்? வழி இரண்டு. புரோகிராமே அவ்வப்போது தளத்திடம் போய், “போன தடவைக்குப் பிறகு ஏதாவது வந்ததா?” என்று கேட்கலாம். இதற்குப் போலிங் என்று பெயர். அல்லது புரோகிராமின் முகவரியைத் தளத்திடம் கொடுத்து, ஆர்டர் விழுந்தவுடன் அதன் விவரத்தை அந்த முகவரிக்கு அனுப்பச் சொல்லலாம். இது வெப்ஹுக். பாமாயில் வந்துவிட்டதா என்று ரேஷன் கடைக்கு நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவது முதல் வழி. வந்ததும் கடைக்காரரே போன் செய்து சொல்வது இரண்டாவது.

இப்படிச் சொன்னதும் எல்லோர் மனமும் இரண்டாவது வழிக்கே சாயும். கணக்கும் அதற்குச் சாதகமாகத்தான் தெரிகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் நாளுக்கு 1,440 கேள்விகள். வரும் ஆர்டரோ 120. ஒவ்வோர் ஆர்டரும் வெவ்வேறு நிமிடத்தில் வந்தாலும்கூட 1,320 தடவை “ஒன்றுமில்லை” என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும். வெப்ஹுக்கில் 120 ஆர்டருக்கு 120 சேதி; வீண் நடையே கிடையாது. சேதியும் ஆர்டர் வந்த சற்று நேரத்திலேயே கிடைக்கிறது.

ஆனால் இந்த ஒப்பீட்டில் ஒரு கோளாறு உண்டு. நம் ரிப்போர்ட் காலை 8 மணிக்கு ஒரே ஒரு தடவை எழுதப்படுவது. அதற்காக நிமிடத்துக்கு ஒருமுறை யார் கேட்கச் சொன்னது? காலை 6 மணிக்கு ஒருமுறை கேட்டால் போதும். வூகாமர்ஸ் ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 100 ஆர்டர் தரும். 120 ஆர்டருக்கு இரண்டே கேள்வி. இப்போது பார்த்தால் 120 சேதிகளைவிட இரண்டு கேள்விதான் சிக்கனம். வேகம், சிக்கனம் என்று வெப்ஹுக்குக்குச் சொல்லப்படும் இரண்டு பெருமைகளுமே தினசரி ரிப்போர்ட்டுக்குப் பெரிதாக உதவுவதில்லை. ரிப்போர்ட்டுக்கு வேண்டியது வேறு: எழுதும் அந்த நேரத்தில், எழுத வேண்டியதெல்லாம் கையில் இருக்கிறதா என்ற உறுதி.

அந்த உறுதியை வெப்ஹுக்கால் தர முடியாது. காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

இரவு 10 மணியிலிருந்து 10.20 வரை ரிப்போர்ட் சர்வரில் ஏதோ கோளாறு. அப்டேட்டுக்காக நிறுத்தியிருக்கலாம்; பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம். அந்த இருபது நிமிடத்தில் கடையில் மூன்று ஆர்டர் விழுகிறது. தளம் மூன்று சேதிகளையும் அனுப்பிப் பார்க்கிறது. எதிர்முனையில் எடுக்க ஆளில்லை. தோற்றுப்போன சேதியைத் திரும்ப அனுப்பிப் பார்க்கும் ஏற்பாடு வூகாமர்ஸில் இயல்பாக இல்லை. மூன்று சேதிகளும் போனது போனதுதான். 10.20-க்கு மேல் எல்லாம் பழையபடி ஓடுகிறது. வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போயிருக்கும், பேக்கிங் அறையில் ஆர்டர் தெரியும், சேலை கூரியரிலும் ஏறிவிடும். கடையில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியாது. ரிப்போர்ட்டில் மட்டும் 120-க்குப் பதில் 117 இருக்கும். 117 என்ற எண்ணைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்?

கோளாறு நீண்டால் இன்னொன்றும் நடக்கும். தொடர்ந்து ஐந்து சேதிகளுக்கு மேல் தோற்றால் வூகாமர்ஸ் அந்த வெப்ஹுக்கையே நிறுத்திவிடும். அமைப்புப் பக்கத்தில் அதன் நிலை `Disabled` என்று மாறியிருக்கும். யாராவது போய்த் திரும்ப இயக்கினால்தான் மறுபடி ஓடும். இது முதல் நிலைமையைவிடத் தேவலாம். மறுநாள் ரிப்போர்ட்டில் பூஜ்யம் வரும், உடனே தேடத் தொடங்குவார்கள். சின்னக் கோளாறுதான் மோசம். அது தடயம் வைப்பதில்லை.

எல்லாச் சேவைகளும் இவ்வளவு சீக்கிரம் கைவிடுவதில்லை. பணப் பரிமாற்றச் சேவையான ஸ்ட்ரைப், எடுக்கப்படாத சேதியை மூன்று நாள்வரை இடைவெளி விட்டு விட்டுத் திரும்ப அனுப்பும். ஷாப்பிஃபையும் சில மணி நேரம் முயலும். அப்படியிருந்தும், வெப்ஹுக்கை மட்டும் நம்பி இருக்காதீர்கள், அவ்வப்போது நீங்களே வந்து கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று ஷாப்பிஃபையின் வழிகாட்டிக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். சேதி அனுப்புகிறவரே இதைச் சொல்லும்போது கேட்டுக்கொள்வது நல்லது.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே விஷயம். வெப்ஹுக்கில் சேதி வராத நேரத்துக்கு இரண்டு பொருள் உண்டு: ஆர்டர் வரவில்லை என்பது ஒன்று, ஆர்டர் வந்தும் சேதி வரவில்லை என்பது இன்னொன்று. பெறுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கும் புரோகிராமால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. போலிங்கில் இந்தக் குழப்பம் கிடையாது. கேள்வி கேட்டு, 200 என்ற பதில் எண்ணோடு வெற்றுப் பட்டியல் வந்தால், ஆர்டர் இல்லை என்று தளமே சொல்லிவிட்டது. பதில் வராவிட்டால் பிழை கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்கலாம். இரவு முழுக்க ரிப்போர்ட் சர்வர் படுத்துக் கிடந்தாலும், காலையில் எழுந்து கேட்டால் இரவு வந்த எல்லாம் கிடைத்துவிடும். ஆர்டர்கள் தளத்தில்தானே இருக்கின்றன, எங்கே போய்விடும்?

அதனால் தினம் ஒருமுறையோ சில மணிக்கு ஒருமுறையோ எழுதப்படும் ரிப்போர்ட்டுக்குப் போலிங்தான் சரி என்பது என் முடிவு. ஆனால் கேட்பதிலும் ஒழுங்கு வேண்டும். போலிங் வைத்தும் ஆர்டரைத் தவறவிடும் ரிப்போர்ட்டுகள் நிறைய உண்டு. தவறு பெரும்பாலும் கேள்வியில்தான் இருக்கும்.

முதல் தவறு, எந்தத் தேதியை வைத்துக் கேட்பது என்பதில். ஆர்டர் உருவான தேதியை வைத்துக் கேட்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். வூகாமர்ஸில் அதற்கு `after` என்ற குறிப்பு உண்டு. நேற்று உருவான ஆர்டர்களில் பணம் கட்டியவற்றைக் கொடு, அவ்வளவுதானே? ஒரே ஓர் ஆர்டரைப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள். இரவு 11.50-க்கு ஒருவர் ரூ.4,850-க்கு இரண்டு சேலை தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் பக்கத்துக்குப் போகிறார். அந்த நொடியே வூகாமர்ஸ் ஆர்டரை உருவாக்கிவிடுகிறது. ஆனால் பணம் இன்னும் வராததால் அதன் நிலை `pending`. யுபிஐயில் வங்கி சுணங்குகிறது. 12.04-க்குத்தான் பணம் உறுதியாகி, நிலை `processing` ஆகிறது. நம் புரோகிராம் நள்ளிரவு தாண்டி 12.01-க்கு ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அது 14-ஆம் தேதி உருவான, பணம் கட்டிய ஆர்டர்களைக் கேட்கிறது. இந்த ஆர்டர் 14-ஆம் தேதி உருவானதுதான், ஆனால் அந்த நிமிடத்தில் பணம் வந்திருக்கவில்லை, பட்டியலில் இல்லை. மறுநாள் இரவு 12.01-க்கு 15-ஆம் தேதி உருவானவற்றைக் கேட்கிறது. இப்போது பணம் வந்துவிட்டது, ஆனால் ஆர்டர் உருவானது 14-ஆம் தேதி. மறுபடியும் பட்டியலில் இல்லை. 14-ஆம் தேதி ரிப்போர்ட்டிலும் சேராது, 15-ஆம் தேதி ரிப்போர்ட்டிலும் சேராது. வங்கிக் கணக்கில் மட்டும் ரூ.4,850 உட்கார்ந்திருக்கும், எதற்கு வந்தது என்று தெரியாமல்.

ஓடும் நேரத்தைக் காலை 6 மணிக்குத் தள்ளினால் இந்த ஆர்டர் தப்பிக்கும். ஆனால் பணம் திருப்பிக் கொடுத்த கணக்குத் தப்பாது. மூன்று நாளுக்கு முன் வாங்கிய சேலையை இன்று திருப்பி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தால், அந்த ஆர்டர் உருவான தேதி பழையதுதான். நேற்று உருவானவற்றை மட்டும் கேட்கும் புரோகிராமுக்கு அந்த மாற்றம் தெரியவே தெரியாது. விற்பனை கூடுதலாகக் காட்டிக்கொண்டே இருக்கும்.

சரியான கேள்வி, கடைசியாக மாறிய நேரத்தை வைத்துக் கேட்பது. புது ஆர்டரும் மாற்றம்தான், பணம் வந்ததும் மாற்றம்தான், ரத்தானதும் திருப்பிக் கொடுத்ததும் மாற்றம்தான். வூகாமர்ஸில் இதற்கு `modified_after`. 15-ஆம் தேதி காலை ஓடும் புரோகிராம் கேட்க வேண்டியது இப்படி இருக்கும்:

```
GET /wp-json/wc/v3/orders
    ?modified_after=2025-10-12T18:30:00
    &dates_are_gmt=true
    &orderby=id&order=asc
    &per_page=100&page=1
```

வாசிக்க வசதியாக வரிவரியாக உடைத்திருக்கிறேன். அனுப்பும்போது ஒரே வரி. இதில் தேதியைப் பார்த்தால் விசித்திரமாகத் தோன்றும். 14-ஆம் தேதிக் கணக்குக்கு 12-ஆம் தேதி மாலை ஆறரை எதற்கு?

ஆறரைக்குக் காரணம், நேரத்தை உலகப் பொது நேரத்தில் சொல்லியிருப்பது. நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நம் நள்ளிரவு 12 என்பது அங்கே முந்தின நாள் மாலை 18.30. இதை மறந்து பொது நேரத்தின் நள்ளிரவையே நாளின் எல்லையாக வைத்தால், நம் ஊரில் இரவு 12 மணிமுதல் அதிகாலை 5.30 வரை வந்த ஆர்டரெல்லாம் முந்தின நாள் கணக்கில் போய் விழும். சாதாரண நாளில் அந்த நேரத்தில் ஒன்றிரண்டு ஆர்டர்தான் வரும், யாரும் கவனிப்பதில்லை. “இன்று நள்ளிரவு 12 மணிக்குத் தள்ளுபடி ஆரம்பம்” என்று கடை அறிவித்த அன்றைக்குத்தான் தெரியும்: தள்ளுபடியின் முதல் அலை முழுக்க முந்தின நாள் விற்பனையாகப் பதிவாகியிருக்கும்.

12-ஆம் தேதிக்குக் காரணம் வேறு. 12-ஆம் தேதி 18.30 என்றால் நம் கணக்கில் 13-ஆம் தேதி தொடக்கம். வேண்டியது 14-ஆம் தேதிதான். ஒரு நாள் பின்னால் போய் வேண்டுமென்றே கூடுதலாகக் கேட்கிறோம். ஏற்கெனவே பார்த்த ஆர்டர்களே பெரும்பாலும் திரும்ப வரும். வரட்டும். ஆர்டர் எண்ணை அடையாளமாக வைத்து, அந்த எண் ஏற்கெனவே இருந்தால் மேலெழுது, இல்லையென்றால் புதிதாகச் சேர் என்று எழுதிவிட்டால், ஒரே ஆர்டர் பத்துத் தடவை வந்தாலும் ஒன்றாகத்தான் இருக்கும். தொகை இரட்டிக்காது. ஒன்றிரண்டு கேள்வி கூடுதலாகும், அவ்வளவுதான் செலவு. வரவு என்னவென்றால், நேற்று ஏதாவது ஒன்று நழுவியிருந்தால் இன்று பிடிபடும். கொண்டுவந்த பட்டியலிலிருந்து, பணம் கட்டாத `pending` ஆர்டர்களைக் கழித்து, 14-ஆம் தேதிக்குரியவற்றைப் பிரித்தெடுப்பது நம் பக்கத்து வேலை.

கேள்வியில் மேல் எல்லை எதுவும் இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். “13-ஆம் தேதி தொடக்கத்திலிருந்து 14-ஆம் தேதி முடிவுவரை மாறியவை” என்று இரண்டு பக்கமும் வேலி போட்டுக் கேட்பதுதான் ஒழுங்கு என்று தோன்றும். `modified_before` என்று அதற்கு ஒரு குறிப்பும் இருக்கிறது. அதைப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். வேலிக்குள் 230 ஆர்டர் இருக்கின்றன. முதல் பக்கம் கேட்டோம், 1 முதல் 100 வரை வந்தது. இரண்டாம் பக்கம் கேட்பதற்குள், காலையிலேயே வந்துவிட்ட பேக்கிங் ஊழியர் 40-ஆவது ஆர்டரை அனுப்பியாயிற்று என்று `completed` ஆக்குகிறார். அதன் மாறிய நேரம் இப்போது 15-ஆம் தேதி காலை. ஆகவே வேலிக்கு வெளியே போய்விட்டது. வரிசை ஓர் இடம் முன்னால் நகர்கிறது. 101-ஆவதாக இருந்தது 100-ஆவது ஆகி, நாம் ஏற்கெனவே வாங்கிக்கொண்ட முதல் பக்கத்துக்குள் போய்விடுகிறது. இரண்டாம் பக்கம் பழைய 102-இலிருந்து தொடங்கும். 101 நம் கைக்கு வரவே இல்லை. பிழைச் செய்தி எதுவும் கிடையாது. பக்கங்கள் எல்லாம் சரியாக வந்ததாகவே புரோகிராம் நினைத்துக்கொள்ளும்.

மேல் எல்லை இல்லாவிட்டால் இது நடக்காது. மாறிய நேரம் முன்னோக்கித்தான் போகும். ஒருமுறை பட்டியலில் இருக்கும் ஆர்டர், மாறினாலும் பட்டியலிலேயே இருக்கும். இடையில் பழைய ஆர்டர் ஒன்று மாறிப் புதிதாக உள்ளே வந்தால் வரிசை பின்னோக்கி நகரும். அப்போது நடப்பதெல்லாம், முதல் பக்கத்தில் பார்த்த ஓர் ஆர்டரை இரண்டாம் பக்கத்தில் மறுபடி பார்ப்பது. அதற்குத்தான் மேலெழுதும் ஏற்பாடு இருக்கிறதே. ரிப்போர்ட் வேலையில் எனக்குப் பிடித்த ஏற்பாடு இது: பிழை வந்தே தீரும் என்றால், விடுபடும் பக்கம் வராமல் இரட்டிக்கும் பக்கம் வரும்படி செய்துகொள்வது. இரட்டித்ததை நீக்கலாம், விடுபட்டதை எதை வைத்துத் தேடுவது?

எல்லாம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனையும் உண்டு. வூகாமர்ஸ் ஒவ்வொரு பதிலின் தலைப்பிலும் `X-WP-Total` என்று மொத்த எண்ணிக்கையை அனுப்புகிறது. கடைசிப் பக்கம் வந்தபின் நம் கையில் இருக்கும் வெவ்வேறு ஆர்டர்களின் எண்ணிக்கை அதற்கு ஈடாக இருக்க வேண்டும். சிலர் ஆர்டர் எண்களில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முயல்வார்கள். அது இங்கே உதவாது. வூகாமர்ஸின் எண்கள் அடுத்தடுத்து வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; தளத்தின் பக்கங்கள், படங்கள் என்று மற்றவையும் அதே வரிசை எண்களை எடுத்துக்கொள்ளும். 5210-க்கு அடுத்து 5217 வந்தால் ஆறு ஆர்டர் காணோம் என்று பொருளல்ல.

அப்படியானால் வெப்ஹுக் எந்த ரிப்போர்ட்டுக்கு? இரண்டு இடங்களில் அது இல்லாமல் முடியாது என்று நினைக்கிறேன்.

ஒன்று, பார்த்தவுடன் யாராவது எழுந்து ஏதாவது செய்யப்போகிற ரிப்போர்ட். தள்ளுபடி நாளில் பேக்கிங் அறைச் சுவரில் ஒரு திரை இருக்கிறது. எந்த நிறச் சேலை எத்தனை போயிருக்கிறது என்று அது காட்டுகிறது. மெரூன் சுங்குடி இன்னும் நான்குதான் மிச்சம் என்று தெரிந்தால் ஒருவர் கிடங்குக்கு ஓட வேண்டும். இங்கே கால்மணிக்கு ஒருமுறை கேட்கும் போலிங், சராசரியாக ஏழரை நிமிடம் பிந்தித்தான் சொல்லும். நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் சராசரித் தாமதம் அரை நிமிடமாகும், ஆனால் கூட்டம் அதிகமாக இருக்கும் அன்றைக்கு, சிறு கடையின் தளம் ஏற்கெனவே மூச்சுவாங்கிக்கொண்டிருக்கும்போது, நம் கேள்விகளும் அதன்மேல் ஏறி உட்காரும். இங்கே வெப்ஹுக் நியாயமான தேர்வு. ஒரு சேதி தவறினால் திரையில் ஒன்று குறைவாகத் தெரியும், கெட்டுப்போவது அதிகமில்லை.

வெப்ஹுக் என்றாலும் உடனடி என்று சத்தியம் செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வூகாமர்ஸ் சேதிகளை ஒரு வரிசையில் போட்டுப் பின்னணியில் அனுப்புகிறது. அந்தப் பின்னணி வேலையை வழக்கமாக எழுப்பிவிடுவது வேர்ட்பிரஸின் உள் கடிகாரம். அதுவோ யாராவது தளத்துக்கு வரும்போதுதான் நடக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் சேதி சிறிது பிந்தலாம். சர்வரிலேயே நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கடிகாரத்தைத் தட்டிவிடும்படி கிரான் வேலை ஒன்று வைத்துவிட்டால் இது சரியாகும்.

இரண்டாவது இடம் பலரும் யோசிக்காதது. சில ரிப்போர்ட்டுகள் இறுதி நிலையைக் கேட்பவை: மொத்தம் எவ்வளவு விற்றது, எவ்வளவு பாக்கி. சில ரிப்போர்ட்டுகள் வழியில் நடந்ததைக் கேட்பவை: பணம் வந்ததிலிருந்து சேலை கிளம்பும்வரை எத்தனை மணி நேரம் ஆனது, எத்தனை ஆர்டர் இடையில் நிறுத்தி வைக்கப்பட்டது. போலிங் நாம் கேட்கும் நேரத்தில் ஆர்டர் எப்படி இருக்கிறதோ அதைத்தான் சொல்லும். காலை 10 மணிக்கு `processing`-இல் இருந்து, முகவரி சரியில்லை என்று 11 மணிக்கு `on-hold` ஆகி, வாடிக்கையாளரிடம் பேசி 3 மணிக்குத் திரும்ப `processing` ஆன ஆர்டரை, நாளுக்கு ஒருமுறை கேட்கும் புரோகிராம் எதுவுமே நடக்காதது போலத்தான் பார்க்கும். முகவரிப் பிரச்சினையால் நான்கு மணி நேரம் நின்றது என்ற தகவல் அதற்கு எட்டாது. `order.updated` வெப்ஹுக்கை வைத்து, வந்த சேதியையெல்லாம் நேரத்தோடு பதிந்துகொண்டால் அந்த நான்கு மணி நேரம் தெரியும். ஆர்டரைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாலும் இதே கதைதான். வழக்கமான போலிங் பட்டியலில் அது சத்தமில்லாமல் காணாமல் போகும், நம் பதிவில் மட்டும் பழைய தொகையோடு நிற்கும். `order.deleted` என்ற வெப்ஹுக் அதைச் சொல்லும். இல்லையென்றால் `status=trash` என்று தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெப்ஹுக் வைக்க ஒரு முன்நிபந்தனையும் இருக்கிறது. இதை முதலில் யோசிக்காமல் வேலையை ஆரம்பித்துப் பாதியில் நிற்பவர்கள் உண்டு. சேதி வாங்கும் புரோகிராமுக்கு இணையத்தில் ஒரு பொது முகவரி வேண்டும், அது இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். ரிப்போர்ட் புரோகிராம் கணக்கரின் மேசைக் கணினியில் ஓடுகிறது, அவர் மாலை ஏழு மணிக்கு அதை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார் என்றால், வெப்ஹுக் என்ற பேச்சுக்கே இடமில்லை. போலிங்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கேட்பவர் எங்கிருந்தும் கேட்கலாம். படிக்க மட்டும் அனுமதி தரும் ஒரு சாவியை வூகாமர்ஸில் உருவாக்கிக்கொண்டால் போதும்.

பொது முகவரி என்றால் யார் வேண்டுமானாலும் அங்கே எதையும் அனுப்பலாம் என்பதும் சேர்ந்தே வருகிறது. பொய் ஆர்டர் ஒன்றை அனுப்பி ரிப்போர்ட்டைக் கெடுக்க முடியும். அதற்காகத்தான் வெப்ஹுக் அமைக்கும்போது ஒரு ரகசியச் சொல்லைக் கொடுக்கச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கொண்டு சேதிக்கு ஒரு முத்திரை கணக்கிட்டு `X-WC-Webhook-Signature` என்ற தலைப்பில் வைத்து அனுப்புவார்கள். பெறுபவர் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, ஒத்துப்போனால் மட்டும் ஏற்க வேண்டும். ஏற்றவுடன் சேதியை அப்படியே சேமித்துவிட்டு “கிடைத்தது” என்று பதில் சொல்லிவிட வேண்டும். கூட்டல் கழித்தலைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஷாப்பிஃபை ஐந்து நொடிக்குள் பதிலை எதிர்பார்க்கிறது. பதில் சொல்வதற்கு முன்பே ரிப்போர்ட்டைக் கணக்கிட உட்கார்ந்தால், வேலை முடிவதற்குள் தோல்வி என்று அங்கே பதிவாகியிருக்கும்.

சேதிகள் நடந்த வரிசையிலேயே வரும் என்றும் நம்பக் கூடாது. பணம் வந்த சேதி முதலிலும், பணம் வராத நிலையைச் சொல்லும் பழைய சேதி பிறகும் வந்து சேரலாம். கடைசியில் வந்ததே சரி என்று மேலெழுதினால், பணம் கட்டிய ஆர்டர் கட்டாததாகிவிடும். ஒவ்வோர் ஆர்டரோடும் `date_modified_gmt` என்று மாறிய நேரம் வருகிறது. கையில் இருப்பதைவிடப் பழைய நேரத்தோடு ஒரு சேதி வந்தால், பதிவேட்டில் மட்டும் குறித்துக்கொண்டு ஆர்டரைத் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

சுவர்த் திரையும் வேண்டும், காலை ரிப்போர்ட்டும் வேண்டும் என்கிற கடைக்கு இரண்டையும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும். வேலையை இப்படிப் பிரிப்பேன்: பகலில் வெப்ஹுக் திரைக்கு ஊட்டட்டும், காலை 6 மணிக்குப் போலிங் வந்து, இரண்டு நாள் மாற்றங்களைக் கேட்டு, அதே அட்டவணையில் மேலெழுதட்டும். முதலாளிக்குப் போகும் ரிப்போர்ட், போலிங் முடிந்த பிறகு எழுதப்பட வேண்டும். போலிங் தோற்றால் ரிப்போர்ட் போகக் கூடாது, “இன்று தளம் பதில் தரவில்லை, கணக்கு பிறகு வரும்” என்ற ஒரு வரிதான் போக வேண்டும். அரைகுறை எண்ணைப் பார்த்து வங்கிக் கணக்கோடு மல்லுக்கட்டுவதைவிடக் கணக்கருக்கு அது எவ்வளவோ மேல்.

ரிப்போர்ட்டின் அடியில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்வேன். வெப்ஹுக் வழியாக ஏற்கெனவே வந்திருந்தவை எத்தனை, போலிங் வந்து புதிதாகச் சேர்த்தவை எத்தனை என்ற கணக்கு அது. பெரும்பாலான நாள்களில் இரண்டாவது எண் பூஜ்யமாக இருக்கும். ஒருநாள் மூன்று என்று வந்தால், அந்த மூன்று ஆர்டர்களும் எத்தனை மணிக்கு விழுந்தன என்று பார்க்க வேண்டும். மூன்றும் இரவு 10 மணிக்கும் 10.20-க்கும் இடையில் என்றால், அந்த நேரத்தில் ரிப்போர்ட் சர்வர் என்ன செய்துகொண்டிருந்தது என்று அதன் பதிவேட்டில் தேடலாம். குறிப்பிட்ட மணிக்குப் பிறகு வந்த எல்லா ஆர்டரும் விடுபட்டிருந்தால் வூகாமர்ஸ் அமைப்பில் வெப்ஹுக் `Disabled` ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக விடுபட்டிருந்தால், பெறும் புரோகிராம் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்கிறதா, முத்திரைச் சோதனையில் எதையாவது தவறாகத் தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். வூகாமர்ஸின் `Status` பக்கத்தில் `Logs` பிரிவுக்குப் போனால் வெப்ஹுக் அனுப்பிய ஒவ்வொரு முயற்சிக்கும் எதிர்முனை என்ன பதில் சொன்னது என்று எழுதியிருக்கும்.